ரீச்சர் ஏசுவதற்கு விட்ட நேரம்

கொட்டாஞ்சேனை வரை நின்றே போக வேண்டுமோ என்ற கவலையோடுதான் வெள்ளவத்தையில் பஸ் ஏறினேன். இடம் கிடைத்தது. முன் இருக்கையில் இரண்டு ஆசிரியைகள். ஒருத்தியின் மடியில் பிரியாவிடைப் பேச்சு எழுதிய தாள்.

"இந்தப் பகிடிக்குப் பிறகு ரீச்சர் ஏசுறதுக்குக் கொஞ்ச நேரம் விடு, சுமதி."

"ரெக்கோர்டிங்குக்கு ஏன் ஏசப்போறா?"

"ரிட்டையர் ஆகிற நாளிலயும் எங்கட கணக்கு ரீச்சர் ஒருத்தரையும் பேசி முடிக்க விடமாட்டா. நீ நேர நிண்டு பேசினா, அவ ஏசேக்க நிப்பாட்டுவாய். அண்டைக்கு நீ பிளேனில. உன்ர குரல் தன்பாட்டில ஓடும், அவ அதுக்கு மேல கதைப்பா. ஒருத்தருக்கும் ஒண்டும் விளங்காது."

சுமதி தாளில் கோடு போட்டாள். "கடைசியில, 'எல்லாரும் எழும்பி ரீச்சருக்காகக் கிளாஸை உயர்த்துவம்'."

"அதை உடை. முதல் 'எழும்புங்கோ' எண்டு சொல்லு. கதிரைச் சத்தம் அடங்கட்டும். பிறகு கிளாஸ். ரீச்சரின்ர பேர் கடைசியில வந்தாத்தான் எல்லாரும் சேந்து சொல்லுவினம்."

"ஒரேஞ் பார்லி குடிக்கிறதுக்கு இவ்வளவு சடங்கோ?"

"வாசி, பாப்பம்."

சுமதி மெல்ல வாசித்தாள். நீண்ட வசனம் ஒன்றில் மூச்சு முட்டியது, அதை இரண்டாக்கினார்கள்.

"சரியடி, அவ ஏசாட்டி? சும்மா சத்தமில்லாமலெல்லோ ஓடும்."

"ஏசாட்டி அழுகிறா எண்டு அர்த்தம். அதுக்கும் நேரம் வேணும்தானே."

சுமதி தாளில் இன்னொரு கோடு போட்டாள்.

"அப்ப இன்னும் கொஞ்சம் கூட விடுறன்," என்றாள்.