பஸ் ஸ்டாப்புல கத்தின பொண்ணு

மெஷின் எல்லாம் வேண்டாம்மா, கத்திரியே போதும். இருக்கறதே நாப்பது முடி, அதுக்குப் போயி கரண்ட்ட வீணாக்குவானேன். நீ நிதானமாப் பண்ணு. எனக்கு ஒன்னும் அவசரமில்ல.

ரிட்டயர் ஆகி ஒம்போது வருஷமாச்சு. ரயில்ல டிக்கெட் செக்கரா இருந்தேன். பெட்டிக்குள்ள கால வச்சதுமே டிக்கெட் இல்லாதவன் யாருன்னு மூஞ்சியப் பாத்தே சொல்லிடுவேன். அந்தத் திமிருதாம்மா எனக்கு வினையாப் போச்சு.

எனக்கு ஒரு பேத்தி. பதினாறு வயசு. நேர்ல ஏதாவது சொன்னா காதுல வயர மாட்டிக்குவா. அதனால போன வருஷம் அவளுக்கு ஒரு லெட்டர் எழுதினேன். ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு லெட்டரான்னு சிரிக்கறியா? சிரி, சிரி. அவ பென்சில் டப்பாவுலதான் வச்சேன்.

நாலு பக்கம். நல்லாத்தாம்மா எழுதியிருந்தேன். கூட்டாளி எப்படிப்பட்டவன்னு தெரியணும்னா, அங்க இல்லாதவங்களப் பத்தி அவ என்ன பேசறான்னு கேளுன்னு எழுதினேன். நீ வேண்டாம்னு சொன்னா அவ மூஞ்சி மாறுதான்னு பாருன்னு எழுதினேன். நாலு பேரோட சேந்து செய்யறப்போ எதுவும் தப்பாத் தெரியாது, அதையே தனியாச் செய்வியான்னு யோசின்னு எழுதினேன். எல்லாம் சரிதானே? கடைசி ரெண்டு வரியிலதான் குடியக் கெடுத்தேன். பஸ் ஸ்டாப்புல நாலு பேரு பாக்க உன்னப் பாத்துக் கத்திக்கிட்டு, உன் பையப் பிடிச்சு இழுத்தாளே, ஒரு பக்கம் மொட்டையடிச்ச பொண்ணு, அவ சகவாசத்த இன்னையோட விட்டுடுன்னு எழுதிட்டேன்.

விட்டுட்டா. காதுல வயர மாட்டிக்கிட்டாலும், தாத்தா சொன்னத மீறாத புள்ள.

அப்புறம் அவளுக்குக் கூட்டாளியா மூணு பொண்ணுங்க வந்து சேந்தாங்க. என்ன மரியாதைங்கற! வாசல்லயே செருப்ப வரிசையா விட்டுட்டு, வணக்கம் தாத்தா, சாப்பிட்டீங்களா தாத்தா. நான் அப்படியே உருகிட்டேன். அதுங்க அவள ஒரு தடவ கூட வேண்டாம்டின்னு தடுத்ததில்லம்மா. அது எனக்குப் பெரிய குணமாப் பட்டுது.

மொதல்ல டீச்சர்கிட்ட தலவலின்னு ஒரு சின்னப் பொய். மூணும் கை தட்டிச்சாம். அப்புறம் வராதவளுக்கு வந்ததாக் கையெழுத்து. அதுக்கப்புறம் பெரிய கடையில யாரு ஒரு லிப்ஸ்டிக்கத் தெரியாம எடுத்துட்டு வர்றதுன்னு விளையாட்டு. ஒவ்வொன்னும் முந்தினதவிடக் கொஞ்சூண்டுதான் பெருசு. அதனால எங்க நிறுத்தணும்னே அவளுக்குத் தெரியல. மாட்டினப்போ மூணு விரலும் இவளத்தான் காட்டுச்சு. வாசல்ல மொதல்ல வணக்கம் தாத்தான்னு சொன்னாளே, அவதான் வீடியோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பிச்சாளாம். பள்ளிக்கூடத்துல இனிமே வரவேண்டாம்னுட்டாங்க.

ரெண்டு மாசமா ரூமவிட்டு வரல. தட்ட வச்சா அப்படியே இருக்கு. எம் மகன் என்கிட்ட ஒரு வார்த்த கோவமாப் பேசல. பேசியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்.

இல்லம்மா, கண்ணுல முடி விழுந்துடுச்சு. நீ வெட்டு.

நேத்து சாயங்காலம் கதவுக்கு வெளியில உக்காந்து, என்ன மன்னிச்சிடு பாப்பான்னு அழுதேன். எழுபது வயசுக் கிழவன். அப்பத்தான் வாயத் தொறந்தா. அன்னைக்கு பஸ் ஸ்டாப்புல என்ன நடந்துதுன்னு சொன்னா. கூடப் படிக்கறவளோட வாட்ச்ச இவ எடுத்துப் பையில வச்சிருந்தாளாம். அந்தப் பொண்ணு பாத்துட்டு, திருப்பிக் குடுடி, நானும் கூட வர்றேன், ரெண்டு பேருமாப் போய்க் குடுத்துடலாம்னுதான் கத்தியிருக்கு. அதுக்குத்தான் பைய இழுத்திருக்கு. மறுநாள் கூடவே போயி குடுக்கவும் வச்சிருக்கு. யாருகிட்டயும் மூச்சு விடல. நான் லெட்டர்ல எழுதின அத்தனை குணமும் அந்த ஒரு பொண்ணுகிட்ட இருந்திருக்கும்மா. அதத்தான் நான் தொரத்தி விட்டேன். இவ நெசத்தச் சொல்லணும்னா வாட்ச்சப் பத்தி என்கிட்ட சொல்லணுமே. பயந்துட்டா.

ஏன் பேசலன்னு அந்தப் பொண்ணு கேட்டப்போ, இவ என் லெட்டரையே எடுத்து நீட்டினாளாம். அது நாலு பக்கமும் படிச்சு, ஒழுங்கா மடிச்சு, இவ டப்பாவுலயே வச்சுட்டுப் போச்சாம்.

போதும்மா, கத்திரியக் கீழ வையி. அந்தப் பொண்ணு நீதான்னு எனக்குத் தெரியும்.

முடி வெட்ட வரல நான். சாயங்காலத்துல உங்க சித்தி கடையில நீதான் நிப்பேன்னு என் பேத்திதான் சொன்னா. நீ வீட்டுக்கு வந்து அவளப் பாக்கணும்னு கேக்க எனக்கு என்ன யோக்கியத இருக்கு. அவ ஒன்னே ஒன்னுதான் கேட்டா. அவளுக்கு இன்னும் என்மேல கோவமா தாத்தான்னு. போயி என்னம்மா சொல்லட்டும்?