ஒரு சட்டை போதும்

ஒரு கடிதத்துக்கு அழகு அதன் ஓரத்தில் விடும் இடம்தான், ஐயா. பலருக்கு அது தெரிவதில்லை. உங்கள் எழுத்தர் நான் சொல்வதைத் தாளின் விளிம்புவரை அடைத்து எழுதுகிறார். நாளை கோப்பில் கோர்க்கத் துளை போட்டால் பாதி எழுத்து போய்விடும். கொஞ்சம் உள்தள்ளி எழுதச் சொல்லுங்கள். எனக்கு அவசரமில்லை.

என் பெயர் ரவிக்குமார். வயது நாற்பத்து மூன்று. திருவொற்றியூரில் டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கடை போடுவதற்கு முன் இரண்டு வருடம் சிவநிலா தொலைக்காட்சியில் நிகழ்ச்சி உதவியாளனாக இருந்தேன். விருந்தினர்களுக்கு அழைப்புக் கடிதம் அடிப்பதும் அவர்களைக் காரில் கூட்டி வருவதும் என் வேலை. காத்திவாக்கம் திருமுறை மன்றத்துக்குப் பதினோரு வருடமாகச் செயலாளர். இறந்துபோன புலவர் கருணாகரன்தான் அதன் தலைவர்.

புலவரைப் பற்றி உங்களுக்கு யாரும் சரியாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். கட்டுமரக்காரர் வீட்டுப் பிள்ளை. முப்பத்தைந்து வருடம் தமிழாசிரியர். வீட்டில் பேசினால் அசல் குப்பத்துப் பேச்சு, மேடை ஏறினால் வேறு ஆள். காப்புச் செய்யுள் பாடித் தொடங்கிவிட்டார் என்றால் வாழ்த்துப் பாடி முடிக்கும்வரை எழுந்திருக்க மாட்டார். ஒருமுறை பந்தலில் தீப்பொறி விழுந்து கூட்டமே கலைந்தது; மனிதர் அசையவில்லை. இந்தப் பிடிவாதம் ஊர் முழுக்கத் தெரியும்.

அவர் எழுதுவதில்லை. கண் பார்வையும் மங்கல். அவர் பேசுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து குறித்துக்கொள்வேன். அந்தக் குறிப்புகளை ஒழுங்குபடுத்தி, தலைப்புக் கொடுத்து, மாத இதழ் ஒன்றில் தொடராக எழுதினேன். பிறகு புத்தகமாகவும் வந்தது. ஆமாம், என் பெயரில்தான். பிழை திருத்தியது யார், அச்சகத்துக்கு அலைந்தது யார் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். புத்தகத்தில் அதிபத்த நாயனாரைப் பற்றிய அத்தியாயத்துக்கு மட்டும் எனக்கு எழுபது கடிதம் வந்தது. வலையில் விழும் முதல் மீனைச் சிவனுக்கென்று கடலில் விட்டுவிடும் நுளையர் தலைவர் அவர், உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அந்த அத்தியாயத்தின் உயிர் ஒரு சின்ன விஷயம். புலவர் ஒருநாள் சொன்னார்: “மேல வந்த மீனு எம்மா நேரம் உயிரோட கீதுன்ற ரவி? கையில வச்சிகினு யோசிச்சா பூடும். வுடணும்னா ஒடனே வுடணும். நாயனாரு பட்டினில கெடந்தாரே, அப்பக்கூட அந்தக் கை யோசிக்கல. அதாண்டா பக்தி.” இருநூறு புலவர்கள் அந்தக் கதையைச் சொல்லியிருக்கலாம். கடலுக்குப் போன வீட்டுக்காரனுக்குத்தான் இது தோன்றும். நான் அதை நல்ல தமிழில் எழுதினேன்.

இரண்டாயிரத்து ஆறு ஜூன் கடைசியில் சிவநிலாவிலிருந்து அந்தக் கடிதம் வந்தது. மன்ற முகவரி என் கடை முகவரிதான், அதனால் நான் பிரித்தேன். ஆவணியில் வரும் அதிபத்தர் குருபூஜைக்காக ‘அடியார் அமுதம்’ நிகழ்ச்சியில் புலவர் ஐந்து நாள் பேச வேண்டும். பதிவு ஜூலை இருபது, வியாழக்கிழமை. அரை மணி நிகழ்ச்சி என்பார்கள், விளம்பரம் போக இருபத்திரண்டு நிமிடம்தான் பேச்சு. ஐந்து பகுதியையும் ஒரே நாளில் பிடித்துவிடுவார்கள். பார்ப்பவருக்கு ஐந்து நாள்போலத் தெரிய வேண்டுமே, அதனால் ஐந்து சட்டை கொண்டுவரச் சொல்வார்கள். வெள்ளை கூடாது, விளக்கில் கண்ணைக் கூசும். பொடிக் கட்டம் கூடாது, திரையில் நெளியும். பின்னால் நீலத் துணி கட்டுவதால் நீலமும் ஆகாது, மனிதரின் நடுவுடம்பு காணாமல் போகும். பேச்சில் ‘இன்று’, ‘நேற்று’ என்று சொல்லக் கூடாது, ஒளிபரப்பாகும் நாள் வேறு. காலை ஆறரைக்கு வண்டி வரும், சிற்றுண்டி அரங்கத்திலேயே. ஒளிபரப்பு உரிமைப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். ஒருவாரத்துக்குள் ஒப்புதலைத் தொலைபேசியில் சொல்ல வேண்டும்.

இந்த வாசகங்களில் பாதி நான் அங்கே இருந்தபோது எழுதி வைத்தவை. இன்னும் அதையே அடிக்கிறார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

யோசித்துப் பாருங்கள், ஐயா. அவர் ஐந்து நாள் ஊரறியப் பேசினால் மீன் விஷயத்தைச் சொல்லாமல் இருப்பாரா? என் புத்தகம் படித்தவர்கள் என்ன சொல்வார்கள்? பாவம், வயதான மனிதர், ரவிக்குமார் எழுதியதைத் திருடிப் பேசுகிறார் என்பார்கள். எழுபத்தொரு வயதில் அவருக்கு அந்தக் கெட்ட பெயர் வேண்டாம் என்று நினைத்தேன். இதை நீங்கள் நம்பவில்லை, உங்கள் முகத்தில் தெரிகிறது. நம்பாவிட்டாலும் எழுதிக்கொள்ளுங்கள்.

வரமாட்டார் என்று பதில் போட்டிருக்கலாமே என்று கேட்டீர்கள். போட்டால் வேறு யார் மூலமாவது கேட்பார்கள். இந்தச் சேனல் விட்டால் இன்னொன்று. அதனால் வருகிறார் என்று தொலைபேசியில் சொல்லிவிட்டு, கடிதத்தைக் கடையில் மறுபடி அடித்தேன். அதே முகப்பு, அதே குறிப்பு எண். தேதியை மட்டும் ஜூலை பதினாறு ஞாயிறு என்று மாற்றினேன். ஐந்து சட்டை என்பதை ஒரு சட்டை போதும் என்று ஆக்கினேன். அவரிடம் நல்ல சட்டை இரண்டுதான். மற்ற மூன்றுக்கு நாலு வீட்டில் கேட்பார், காத்திவாக்கம் பூராவும் விஷயம் பரவும். சிற்றுண்டி அரங்கத்தில் என்ற வரியை மட்டும் தொடவில்லை.

புலவருக்குச் சர்க்கரை நோய். காலையில் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டால் அரை மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும். ஊசியை மகள் நர்மதாதான் போடுவாள்.

நர்மதாவுக்குத்தான் சந்தேகம். கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இன்னாண்ணா இது, நம்மள யாருன்னே தெரியாது அவனுங்களுக்கு. திடீர்னு கார் அனுப்புறேன்றான். அப்பால துட்டு கட்டுன்னு சொல்லி பேஜாரு பண்ணுவானா?” என்றாள். நேரத்தை விலைக்கு வாங்கிப் பேசுகிறவர்கள் உண்டு, இது சேனலே அழைப்பது, ஒரு பைசா கேட்கமாட்டார்கள் என்று விளக்கினேன். அப்போதும் அவள் மனம் ஆறவில்லை. “நீ அங்க வேல செஞ்சவன். நீயே விசாரிச்சு சொல்லு. நீ சொன்னா நான் நம்புறேன்.” நான் இரண்டு நாள் கழித்து, விசாரித்தேன், உண்மைதான் என்றேன். உடனே சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டாள்.

ஞாயிறு காலை நானே வாடகைக் காரை ஓட்டிக்கொண்டு போனேன். வழி தெரிந்தவன் என்று சேனலில் என்னையே கூட்டிவரச் சொன்னார்கள் என்றேன். ஊசி போட்டாகிவிட்டது. நர்மதா, “தோ, ரெண்டு இட்லி துன்னுட்டுப் போ நைனா” என்றாள். புலவர் கடிதத்தைக் காட்டி, “அங்க கீதுன்னு போட்டுக்குறான் பாரு” என்று சிரித்தார். பழுப்புச் சட்டை. நன்றாகத்தான் இருந்தது.

சேனலின் கோடம்பாக்கம் அரங்கத்தில் மராமத்து, தற்காலிகமாக எண்ணூர் விரைவுச் சாலையில் ஒரு குடோனில் பதிவு என்று வண்டியில் சொன்னேன். உள்ளே நான் முன்பே கட்டி வைத்திருந்த நீலத் துணி, ஆயிரம் வாட் விளக்கு இரண்டு, கல்யாண வீடியோ எடுக்கும் ஹபீபுல்லாவிடம் வாங்கிய பழைய கேமரா. கேமரா எதற்கென்று அவருக்குத் தெரியாது, அவரை விட்டுவிடுங்கள். மின்விசிறியை நிறுத்தினேன். மைக்கில் சத்தம் விழும் என்று எல்லா அரங்கத்திலும் செய்வதுதான்.

“ஆளுங்கள காணோமே ரவி?” என்றார். ஞாயிற்றுக்கிழமை, வந்துகொண்டிருக்கிறார்கள் என்றேன். “டிபனு?” அதுவும் வந்துகொண்டிருக்கிறது, வெளிச்சம் சரியாக இருக்கும்போதே முதல் பகுதியை எடுத்துவிடலாம் என்றேன். உரிமைப் படிவத்தை நீட்டினேன். கண்ணில் ஒட்டிப் பிடித்துப் பார்த்தார், எழுத்து அவருக்குப் பிடிபடவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பிறகு காப்புச் செய்யுளைப் பாடினார்.

அந்தப் பேச்சைப் பற்றி நான் சொன்னால் உங்களுக்குப் புரியாது. அதிபத்தர் கதையை அவர் முழுதாகச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அன்று எல்லாம் வந்தது. காற்று திரும்பும் நேரம், வறுமையில் பெண்கள் வலையை விற்காமல் காத்தது, பொன்மீன் வலையில் விழுந்தபோது படகில் இருந்தவர்கள் தலைவரின் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்தது. நான் ஒரு வரி விடாமல் குறித்துக்கொண்டேன்.

முக்கால் மணி போனபின் அவருக்கு வியர்த்துச் சட்டை நனைந்தது. ஒரு சொல்லை மூன்று தரம் தேடினார். அப்போதுதான் நிறுத்தி, கேமராவை உற்றுப் பார்த்தார். “இன்னா ரவி, செவப்பு லைட்டு எரியல?” என்றார். நான் நோட்டில் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். அவர் என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கதவு அவருக்குப் பத்தடி தூரத்தில் இருந்தது, நான் பூட்டவில்லை, ஐயா. இதை அழுத்தி எழுதச் சொல்லுங்கள். எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தார். அவர் சம்மதித்தார் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

வாழ்த்துப் பாடலின் இரண்டாவது அடியில் நாக்கு குழறியது. நாற்காலியிலிருந்து சரிந்தார். என் சட்டைப் பையில் சாக்லேட் இருந்தது. அதை வாயில் வைத்தால் போதும் என்று எனக்குத் தெரியும், நர்மதா வைப்பதைப் பார்த்திருக்கிறேன். நான் உட்கார்ந்து, அவர் முடிக்காமல் விட்ட அடிகளை என் நினைவிலிருந்து எழுதி முடித்தேன். வெளியே கண்டெய்னர் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. மத்தியானம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது உயிர் இல்லை என்றார்கள். வயதானவர், சர்க்கரைக்காரர், வழியில் மயங்கிவிட்டார் என்றேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. நர்மதா என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீயாச்சும் கூட இருந்தியேண்ணா” என்று அழுதாள்.

கண்ணீர் அஞ்சலி போஸ்டர் நான்தான் அடித்தேன். மாலை, பந்தல், தேவாரம் பாட ஆள், எல்லாம் நானே. அந்த அலைச்சலில் ஒன்றை மறந்துவிட்டேன். புலவர் காலமாகிவிட்டார் என்று சேனலுக்கு ஒரு போன் போட்டிருக்க வேண்டும். வியாழன் காலை ஆறரைக்குச் சிவநிலாவின் வண்டி அவர் வீட்டு வாசலில் வந்து நின்றது. டிரைவர் இறங்கி, ஐயா தயாரா, ஐந்து சட்டையும் எடுத்துக்கொண்டாரா என்று கேட்டிருக்கிறான். நர்மதா உள்ளே போய்ப் பழைய கடிதத்தை எடுத்து வந்து அவன் கையிலிருந்த நகலோடு சேர்த்து வைத்துப் பார்த்திருக்கிறாள். மீதியை நீங்கள் கண்டுபிடித்தீர்கள்.

அவ்வளவுதான், ஐயா. சாப்பாடு கிடைக்காது என்று தெரிந்துதான் கூட்டிப்போனேன். சாவார் என்று தெரிந்துதான் உட்கார்ந்திருந்தேன். கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன், எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. என் பையிலிருந்து எடுத்த குறிப்பு நோட்டைப் பற்றி மட்டும் உங்கள் எழுத்தர் ‘திருடப்பட்ட உரை’ என்று எழுதியிருக்கிறார். அந்த ஒரு வார்த்தையை அடித்துவிடச் சொல்லுங்கள். நான் அப்படிப்பட்டவன் இல்லை.