கொரியாவுக்கு ஒரு உறை

— “இதனால் உலகின் நாலா திசைகளிலும் வாழ்ந்துவரும் நம் குலக்கொழுந்துகள் அனைவருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், வருகிற விஜயதசமியை முன்னிட்டு, மூத்தவரான ஸ்ரீமதி யாம்குமாரி அவர்கள் தம் திருக்கரத்தால் வழங்கும் திலகமும் முளைப்பாரியும் ஆசியும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன...”

— நிறுத்து லோகு. இது ஆசீர்வாதமா, ஏலத்துக்கு நோட்டீஸா?

— முப்பத்தொரு வருஷம் அமைச்சகத்துல எழுதின கை இது, அம்மா. ஒரு கடுதாசின்னா அதுக்கு ஒரு கௌரவம் வேணும்.

— “என் கண்ணுங்களா, நான் இன்னும் சாகல, சாப்பிட்டீங்களா”ன்னு ஆரம்பி. அதுதான் கௌரவம். பிமலா, நீ சொல்லு.

— நான் என்னத்தை சொல்றது அத்தை? உங்க பேத்தி, மெல்போர்ன் பிரதீக்ஷா போன வருஷக் கடுதாசியை மொழிபெயர்க்க ஆளைத் தேடினாளாம். அதான் எனக்குத் தெரியும்.

— ரெண்டு பேரும் சேர்ந்துட்டீங்க. நடக்கட்டும். நேரத்தையாவது சரியா எழுத விடுங்க. சுபநேரம் காலைல பதினொன்னு ஐம்பத்து மூணு. டெக்ஸாஸ்ல இருக்கிற நிஷ்சலுக்கு அது நடுராத்திரி தாண்டி ஒரு மணி. லிஸ்பன் சமீக்ஷாவுக்கு விடிகாலை. தனித்தனியா கணக்குப் போட்டு அட்டவணை இணைச்சிருக்கேன்.

— துர்கைக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியும். பௌர்ணமி வரைக்கும் எந்த நாள் இட்டாலும் செல்லும்னு எழுது. கடுதாசி பிந்திப் போனாலும் புள்ளைங்க மனசு உடையக் கூடாது.

— அம்மா, இன்னொரு ஆட்சேபணை. முளைப்பாரிக்கு பார்லி விதைக்கிறது நவராத்திரி முதல் நாள். நீங்க மகாளய பட்சத்துலயே விதைச்சிருக்கீங்க. பித்ருக்களோட நாள்ல! புரோகிதர் கேட்டா என்ன சொல்வார்?

— புரோகிதர் வீட்டுப் பிள்ளைங்க பக்கத்துத் தெருவுல இருக்காங்க. என் பிள்ளைங்க கடல் தாண்டி இருக்காங்க. பத்தாம் நாள் அறுத்துத் தபால்ல போட்டா, தீபாவளிக்குத்தான் போய்ச் சேரும். தபால்காரன் பஞ்சாங்கம் பார்க்க மாட்டான். அதான் பத்து நாள் முன்னாடியே சட்டியில மண்ணு போட்டு, இருட்டு மூலையில வெச்சேன். வெயில் படாம எவ்வளவு மஞ்சளா வந்திருக்கு பாரு.

— அழகாத்தான் இருக்கு அத்தை. ஒவ்வொருத்தருக்கும் ஏழு தண்டு எடுத்து சிவப்பு நூல் கட்டிட்டேன். அட்சதையையும் காய வெச்சுட்டேன். தயிர் சேர்க்கல, வெறும் அரிசியும் சிந்தூரமும்தான். தயிர் போட்டா பூஞ்சை பிடிச்சிரும், தோஹாவுல அனுபமுக்கு ஒரு தடவை அப்படித்தான் ஆச்சு. அங்க போய் ஒரு கரண்டி தயிர்ல குழைச்சுக்கட்டும்.

— மெல்போர்னுக்கு?

— அங்க நெல்லுமணி, செடி எதுவும் உள்ள விடமாட்டாங்க அத்தை. பிரிச்சுப் பார்த்து எரிச்சுடுவாங்க.

— அப்போ அவளுக்கு வெறும் காகிதம். என் கட்டைவிரலை சிந்தூரத்துல தோய்ச்சு நடுவுல ஒரு பொட்டு வெச்சுடறேன். அதை நெத்தியில ஒத்திக்கட்டும். விரலை எரிக்க மாட்டாங்க இல்ல?

— ஸ்லோகத்தை நான் என் கையால எழுதியிருக்கேன், அம்மா. பையன்களுக்கு அஸ்வத்தாமன் ஆயுசு, தசரதன் செல்வம், துரியோதனன் மானம்...

— துரியோதனன் மானத்தை இந்த வீட்டுப் பையன்களுக்குக் கொஞ்சம் குறைச்சே கொடு. அப்பன் வழியிலேயே நிறைய வந்திருக்கு. உறையெல்லாம் இங்க கொண்டா.

— எதுக்கு? எல்லாம் ஒட்டியாச்சு.

— கண்ணுதான் போச்சு லோகு, விரல் இருக்கு. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. அஞ்சாவது எங்க?

— நாலுதான்.

— எனக்குப் பேரப்பிள்ளைங்க அஞ்சு.

— அம்மா, அந்தப் பேச்சு வேணாம்.

— உன் சொந்தப் பிள்ளை. சுபோத். கொரியாவுல இரும்பு உருக்குற இடத்துல நின்னு, இந்த வீட்டுக் கூரையை மாத்திக் கொடுத்தவன். உன் தம்பி பிள்ளைங்க நாலு பேருக்கும் திலகம் போகும், அவனுக்குப் போகாதா?

— அவன் பண்ணின காரியத்துக்கு? கொல்லுப் பட்டறைக்காரன் வீட்டுப் பொண்ணைக் கட்டினானே! அவங்க கை பட்ட தண்ணியை நம்ம தாத்தா காலத்துலேர்ந்து யாரும் குடிச்சதில்ல. நாளைக்கு நம்ம குலத்துக்காரங்க பந்தியில என் பக்கத்துல உட்காருவாங்களா? நான் ஓய்வு பெற்ற இணைச் செயலர்!

— ஓய்வு பெத்தாச்சுல்ல. பின்ன என்ன?

— ஏங்க, ரத்த அழுத்தம். மாத்திரை போட்டீங்களா?

— போட்டேன் போட்டேன். மத்தியானச் சாப்பாடு நல்லா இருந்ததால கோபம் கொஞ்சம் மட்டுப்பட்டிருக்கு. அந்தப் பருப்பு! முப்பது வருஷமா நீ வெச்சதுல இந்த ரெண்டு நாள் வெச்சதுதான் பருப்பு, பிமலா. வெந்தயத்தை நெய்யில கருகக் கருக... நேத்து ரெண்டாம் தரம் கேட்டேனே, பார்த்தே இல்ல?

— பார்த்தேங்க.

— கேளு லோகு. எனக்கு எண்பத்து மூணு. அடுத்த விஜயதசமிக்கு முளைப்பாரி சட்டிக்கு நான் தண்ணி தெளிப்பேனா, எனக்கே தெரியாது. அவன் நெத்தி வெறுமையா இருக்கிறதை நினைச்சுக்கிட்டு நான் போகமாட்டேன். நீ எழுதலன்னா இந்த நாலும் போகாது. எல்லாத்தையும் நெருப்புல போடுறேன்.

— அம்மா!

— நெருப்பு வெச்சுடு பிமலா.

— இருங்க, இருங்க. அவசரப்படாதீங்க. யோசிக்க விடுங்க. தபால்ல போறது வெறும் காய்ஞ்ச அரிசிதான். நான் யாரையும் தொடப்போறதில்ல. ஒரே பந்தியில உட்காரப்போறதில்ல. நடுவுல கடல் இருக்கு. சாஸ்திரப்படி பார்த்தா...

— சாஸ்திரப்படி கடல்தான் பெரிய கங்கைங்க. எல்லாத் தீட்டும் கரைஞ்சிரும்.

— நீ சொல்றதும் ஒரு விதத்துல சரிதான், பிமலா. ஆனா ஒரே ஒரு உறை.

— கட்டினவளை விட்டுட்டு அவனுக்கு மட்டும் திலகமா? மருமகளுக்கும் ஒரு பொட்டலம். பொண்ணுங்க ஸ்லோகம். பேரு பபிதா. உன் கையாலேயே எழுது.

— அம்மா, இது வரம்பு மீறின...

— பிமலா, தீப்பெட்டி.

— எழுதறேன்! “சிரஞ்சீவி சுபோதுக்கும்... சௌபாக்கியவதி பபிதாவுக்கும்... ஏழு கடலுக்கு அப்பால் இருந்தாலும், இந்த வீட்டின் பிள்ளைகள் என்ற முறையில்...”

— அந்த வரியைத் திரும்பப் படி.

— “இந்த வீட்டின் பிள்ளைகள் என்ற முறையில், எங்கள் ஆசி உங்கள் இருவருக்கும் என்றும் உண்டு.” போதுமா? ஏன் அழறீங்க? சரி, “எங்கள் வாசல் என்றும் திறந்திருக்கும்”னு ஒரு வரி சேர்த்துக்கறேன். வாக்கியத்துக்கு ஒரு முடிவு வேணும்ல. எப்படியும் அவங்க வரப்போறதில்ல.

— கையெழுத்து?

— இதோ. லோகராஜ். தேதியும் போட்டாச்சு.

— நீ கையெழுத்துப் போட்ட காகிதத்துலேர்ந்து பின்வாங்கினது உண்டா, லோகு?

— இந்த ஜன்மத்துல இல்ல. அமைச்சரே வந்து மிரட்டினார், மாத்தல. கொரியா முகவரி சொல்லுங்க. பிமலா, தபால்தலை எங்க?

— தபால்தலை வேணாங்க. நானே கையில கொண்டுபோய்க் கொடுத்துடறேன்.

— கொரியாவுக்கா?

— மாடிக்கு. முந்தாநாள் வந்தாங்க. உங்களுக்கு முழங்கால் வலி, மாடியில இருக்கிற சமையலறைப் பக்கம் ஏறி வரமாட்டீங்க.

— மாடியிலயா? இந்த வீட்டுலயா? ரெண்டு நாளாவா? அங்க என்ன பண்றாங்க?

— அவன் தூங்குறான். அவதான் பருப்பு வைக்கிறா.