காத்து பாத்தியா

பயப்படாதீங்க சம்பந்தி, இடி இல்ல, வாஷிங் மெஷின்தான். கடைசிச் சுத்துல இப்படித்தான் டமடமன்னு அடிச்சுக்கும். ஒரு கால் குட்டை அதுக்கு. விட்டா நடந்தே வாசலுக்கு வந்துரும், உங்கள வரவேற்க. இருங்க, ஒரு அட்டைய முட்டுக் குடுத்துட்டு வரேன்.

ம், அடங்கிருச்சு. அது பாட்டுக்கு ஓடட்டும். ஏணிய சுவரோரம் சாய்ச்சிட்டீங்கல்ல? வாங்கிட்டுப் போன ஏணியத் திருப்பித் தர இவ்ளோ தூரம் தூக்கிட்டு வரணுமா, ஏணிக்கு இங்க என்ன அவசரம். சரி, அந்தச் சாக்குலயாவது வந்தீங்களே. வந்ததும் வராததுமா கேட்டுல குனிஞ்சு என் ஸ்கூட்டர் டயர அமுக்கிப் பாத்தீங்க, ஜன்னல் வழியா பாத்துட்டுத்தான் இருந்தேன். ஆயுசு பூரா விபத்துல சிக்கின வண்டிய கிரேன்ல இழுத்துட்டு வந்த கை, சும்மா இருக்குமா. பின் டயர்ல காத்து கம்மிதான், தெரியும். வேலைக்குப் போறப்ப அடிச்சுக்கறேன்.

எங்க விட்டேன்? ஆங், ஃபாதர்ஸ் டே. என் பொண்ணு உங்களுக்கு என்ன வாங்கிக் குடுத்தான்னு கேட்டா சிரிக்கிறீங்க. எனக்குத் தெரியும். நீலக் கோடு போட்ட சட்டை. எப்படித் தெரியுமாவா? அவளே போட்டோ அனுப்பினா, மாமாவுக்குப் பொருத்தமா இருக்காப்பான்னு. பொருத்தமாத்தான் இருந்துச்சு, என்ன செய்ய.

எனக்கா? ஃபோன்ல ஒரு ரோஜாப்பூ வந்துச்சு. அது மேல பனித்துளி மினுமினுங்குது. யாரோ யாருக்கோ அனுப்பி, ஊரெல்லாம் கை மாறி, கடைசியா என்கிட்ட வந்து சேந்த பூ. அப்புறம் சாயங்காலம் கூப்பிட்டா. அப்பான்னா. சொல்லும்மான்னேன். தூங்கினியாப்பான்னா. தூங்கினேன்னேன். வெச்சிட்டா. அவ்ளோதான் எங்க வீட்டு ஃபாதர்ஸ் டே.

வருத்தமெல்லாம் ஒண்ணும் இல்ல. சரி, இருக்கு, உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது. உங்க மாத்திரைய வேளை வேளைக்கு எடுத்து வெக்கறா. என் மாத்திரை என்ன கலர்னு அவளுக்குத் தெரியாது. உங்க வீட்ல பாத்தா, மாமா, இத கேளுங்க மாமான்னு வாய் ஓயாம பேசறா. அன்னிக்கு நான் வந்தப்ப பாத்துட்டே இருந்தேன். இது நம்ம வீட்டுப் பொண்ணுதானான்னு இருந்துச்சு. எனக்குள்ள அப்படியே புகையுது, நான் உங்ககிட்ட டீ நல்லாருக்குன்னு சொல்றேன்.

சிரிங்க, சிரிங்க.

ஆனா ஏன்னு யோசிச்சு வெச்சிருக்கேன். ராத்திரி பூரா பம்ப் ஹவுஸ்ல பிரஷர் மீட்டர் முள்ளையே பாத்துட்டு உக்காந்திருக்கறவனுக்கு வேற என்ன வேலை. அது சிவப்புக் கோட்டைத் தாண்டாத வரைக்கும் படிக்கலாம், யோசிக்கலாம். மாமனார்கிட்ட பேசறது சுலபம் சம்பந்தி. நேத்து ஆரம்பிச்ச கணக்கு அது, பழைய பாக்கி கிடையாது. பெத்தவன்கிட்ட அப்படியா? சின்ன வயசுல மடில ஏறி மூக்கக் கடிச்சது எல்லாம் இருக்கு. அப்புறம் ஒரு வயசுல நின்னுருது. யாரும் நிறுத்தச் சொல்லல. ஒருநாள் தொடறதில்ல, ஒருநாள் கொஞ்சறதில்ல, அப்புறம் சாப்டியா, சாவி எங்க, கரண்ட் பில் கட்டியாச்சா, இவ்ளோதான் பேச்சு. இருவது வருஷம் இப்படியே ஓடிட்டு, ஒரு ஞாயித்துக்கிழமை திடீர்னு போய் அப்பா உன்ன எனக்கு ரொம்பப் பிடிக்கும்னு சொல்லணும்னா? அந்த ஒரு வாக்கியம் இருவது வருஷத்தையும் சேத்துத் தூக்கணும். எந்த வாயி தூக்கும். சாகக் கிடக்கறவன்கிட்ட சொல்ற மாதிரி வேற இருக்கும்.

நாமளும் லேசுப்பட்டவங்க இல்ல. புள்ள கொஞ்சம் இளகி வந்து நின்னாப் போதும், என்ன, ஏதாவது பிரச்சனையா, உடம்பு சரியில்லயான்னு கேட்டு விரட்டிருவோம். இல்லாட்டி ஒரு ஜோக்கு. அவங்களுக்கு நம்ம மூஞ்சிதான் பயம். அந்த மூஞ்சி என்ன ஆகும்னு பாக்க அவங்களால முடியாது.

உங்க பொண்ணாவது எழுதலாமே, நீங்கதான் கதை எழுதறவராச்சேன்னு கேக்கறீங்க. நல்ல இடத்துல கை வெச்சீங்க. நான் பகல்ல தூங்கற ஆளு. அவ வளந்ததே குசுகுசுன்னு. எங்களுக்குள்ள பேச்சே ஃப்ரிட்ஜ் மேல ஒட்டற துண்டுச் சீட்டுதான். பால் தீந்துருச்சு, மிஸ் கையெழுத்து கேட்டாங்க, குடை எடுத்துட்டுப் போறேன். அவளுக்கு எழுதறதுன்னா அதான். அதுல போய் பாசத்த வெக்கணும்னு அவளுக்குத் தோணல, எனக்கும் தோணல.

உங்கமேல மட்டும் பொறாமைன்னு நினைச்சுக்காதீங்க. இன்னொரு அப்பன் இருக்கான். அவன நினைச்சாத்தான் எனக்குத் தூக்கமே வரல, பகல்ல.

கேளுங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு தம்பி. கல்யாணம் ஆனவரு, பொறுப்பான ஆளு. ஃபாதர்ஸ் டே வரப்போறப்ப என்னைத் தேடிட்டு வந்தாரு. அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும், ஒரே வீட்லதான் இருக்கோம், முடியல, எழுதித் தரீங்களான்னாரு. நான் எழுதித் தர மாட்டேன், நீங்க எழுதுங்க, நான் பக்கத்துல உக்காந்திருக்கேன்னேன். உள் ரூம் மேசைலதான்.

முதல்ல ஒண்ணு எழுதினாரு பாருங்க. மதிப்பிற்குரிய அப்பா அவர்களுக்கு, தாங்கள் செய்த தியாகங்களுக்கு நன்றி. கீழ கையெழுத்துப் போட்டா லீவ் லெட்டர். கிழிச்சேன். ரெண்டாவது, நீங்கள் என் தெய்வம், நீங்கள் என் உலகம். கடை வாசல்ல தொங்கற அட்டைய அப்படியே காப்பி அடிச்ச மாதிரி. இதுவும் பொய்யில்லன்னாரு. பொய்யில்ல தம்பி, ஆனா இத எந்தப் புள்ளையும் எந்த அப்பனுக்கும் குடுக்கலாம், இரவல் சட்டை இதுன்னேன். உங்கப்பா செஞ்ச ஒரு காரியத்தச் சொல்லுங்க, ஒண்ணே ஒண்ணு. மனுஷன் பேனாவ வெச்சிட்டு ஃபேனைப் பாக்கறாரு.

அப்புறம் ஒரு வழி சொன்னேன். அப்பாவுக்கு எழுதாதீங்க, அப்பாவப் பத்தி எனக்கு எழுதுங்க. என்னை வெளியாளுன்னு நினைச்சுக்கங்க, எனக்கு அவரத் தெரியாதுன்னு வெச்சுக்கங்க. அவரு எப்படிப்பட்டவருன்னு எனக்கு விளங்கறாப்பல எழுதுங்கன்னேன். அதான் சூட்சுமம். அவரு அப்படி, அவரு இப்படின்னு ஆரம்பிச்ச கை நிக்கல. நான் எந்திரிச்சுப் போய் துணிய ஊற வெச்சிட்டு வந்தேன், அப்பவும் குனிஞ்ச தலை நிமிரல. பேசறப்ப நாக்கு ஓடிரும், மனசு பின்னாடி மூச்சு வாங்கிட்டு வரும். எழுதறப்ப கை மெதுவாத்தான் போகும், மனசு வந்து சேந்துக்கும். தப்பாப் போனா அடிச்சுக்கலாம். நடுவுல மூக்கச் சிந்திக்கலாம், யாரும் பாக்கப் போறதில்ல. அவருக்கே தெரியாத சங்கதியெல்லாம் வந்து விழுந்துச்சு. இது எனக்கு ஞாபகம் இருக்குன்னே தெரியாதுன்னாரு.

முடிச்சதும் சொன்னேன், இப்ப அவருங்கற இடத்துலெல்லாம் நீங்கன்னு மாத்துங்கன்னு. அங்கதான் வேகம் போச்சு. ஒவ்வொரு நீங்களுக்கும் நிறுத்தி நிறுத்தி... இருவது வருஷத்த ஒரேடியாத் தூக்க முடியாதுன்னேன்ல. அப்படித்தான் தூக்கினாரு, துண்டு துண்டா.

படிச்சுத் திருத்தி நீங்களே சேத்துருங்கன்னு என் கைல வெச்சிட்டுப் போனாரு. திருத்த ஒண்ணும் இல்ல. அத வாசிச்சிட்டு நான் எப்படி இருந்தேன்னா... இப்படி ஒண்ணு ஒருத்தனுக்கு வருதுன்னா அவன் என்ன பெருசாக் கிழிச்சிட்டான்னு இருந்துச்சு சம்பந்தி. நான் ராத்திரி ராத்திரி முழிச்சு வளத்தேன். அவன் என்ன செஞ்சான்? ஒரே கேள்விய வாழ்நாள் பூராக் கேட்டான். அவ்ளோதான். அந்தக் கேள்விக்கு இந்தப் புள்ள நாலு பக்கம் எழுதியிருக்கு.

என்ன கேள்வியா?

டயர்ல காத்து பாத்தியா.

ஆமா. உங்க பையன்தான். மாப்ளைதான் எழுதினாரு. யாரு எங்க கிளம்பினாலும் அதக் கேப்பீங்களாம். காலேஜுக்குக் கிளம்பினப்ப, பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு, ஆஸ்பத்திரிக்கு அம்மாவக் கூட்டிட்டு ஓடினப்ப. ரோட்டுல நசுங்கிக் கிடக்கறத தினம் பாத்துட்டு வர்ற மனுஷன், பத்திரமாப் போன்னு சொல்லத் தெரியாம அதச் சொல்லியிருக்காருன்னு, தனக்குப் புள்ள பொறந்து அவன் தெருவுல சைக்கிள் எடுத்தப்பத்தான் புரிஞ்சுதுன்னு எழுதியிருக்காரு. வண்டிய முதமுதலா சுவத்துல இடிச்சாராமே? நீங்க வந்து ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு, ஹெட்லைட்டு தப்பிச்சிருச்சுன்னு மட்டும் சொல்லிட்டுப் போனீங்களாம். அது ஒரு முழுப் பக்கம்.

ஃபாதர்ஸ் டே அன்னிக்குக் காலைல உங்க முன்னாடி வந்து நின்னாராமே, அப்பான்னு. நீங்க, என்ன, வண்டில சத்தம் ஏதாவது வருதான்னு கேட்டீங்களாம். ஒண்ணுமில்லன்னு போயிட்டாரு. ஞாபகம் இருக்கா?

அந்த நாளே உங்க கைல கிடைச்சிருக்க வேண்டியது. நான்தான் வெச்சுக்கிட்டேன். குடுத்துட்டீங்களான்னு மாப்ளை கூச்சப்பட்டுக் கூச்சப்பட்டுக் கேப்பாரு. நேரம் பாத்துக் குடுக்கறேன்னு சொல்லிட்டே வந்தேன். தினம் சட்டைப் பைல வெச்சு எடுத்துட்டுப் போவேன், முள்ளப் பாப்பேன், இத எடுத்துப் படிப்பேன். எனக்கு வந்த மாதிரி. இன்னிக்கு நீங்க ஏணியத் தூக்கிட்டு வந்து, என் டயர அமுக்கிப் பாத்தீங்க பாருங்க, அப்புறம் வெச்சுக்க முடியல.

இந்தாங்க. மடிப்புல கொஞ்சம் நைஞ்சிருக்கு, பாத்துப் பிரிங்க.

இங்க வேண்டாம். எனக்கு முன்னாடி உக்காந்து படிச்சீங்கன்னா நீங்க ஏதாவது ஜோக்கு அடிப்பீங்க, நானும் சிரிப்பேன், போச்சு. உள் ரூமுக்குப் போங்க, கதவ சாத்திக்கங்க. அதுக்குத்தானே எழுதறது. யார் மூஞ்சியும் யாரும் பாக்க வேண்டாம். ரெண்டு தடவை படிங்க. அவரு உடனே பதில் எதிர்பாக்கல, இருந்தாலும் ஏதாவது எழுதணும்னு தோணுச்சுன்னா அங்க மேசைல பேனா இருக்கு, காகிதம் இருக்கு. மேல இருக்கற தாள எடுக்காதீங்க, அதுக்கு அடுத்தது. மேல இருக்கறதுல நான் என் பொண்ணுக்கு ஒரு வரி ஆரம்பிச்சிருக்கேன். நல்லாத் தூங்கினேம்மான்னு. அதுக்கு மேல இன்னும் வரல.

போங்க, போங்க. மெஷின் நின்னுருச்சு. நான் போய் துணியக் காயப் போடறேன்.