ஓரம் சேர்ந்த பச்சைத் துண்டுகள்

துண்டு மடிப்பது சின்ன வேலைதான். ஆனால் வீட்டில் யாரையாவது மடிக்கச் சொல்லிப் பாருங்கள், பத்துக்கு ஒன்பது கோணிக்கொண்டு நிற்கும். துவைக்கத் துவைக்க நெடுக்கே ஓடும் பாவும் குறுக்கே ஓடும் ஊடையும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. அதனால் ஓரத்தை நம்பக் கூடாது. இழையைப் பார்த்து மூன்றாக மடித்து, பிசிறை உள்ளே தள்ளி, மடிப்பின் முதுகு வெளியே தெரியும்படி அடுக்க வேண்டும்.

கோல் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் தர்மப் பிரசவ ஆஸ்பத்திரியில் பதினோரு வருஷமாகத் துணி அறை என் பொறுப்பு. அடியில் வெள்ளைப் படுக்கை விரிப்புகள், நடுவில் வெளிர்நீலம், மேலே ஆபரேஷனுக்கான பச்சைத் துண்டுகள். அவை தேன்கூட்டு நெசவு. அடுக்கியபின் மரப்பலகை வைத்து அழுத்தினால் குழிக்குள் குழி உட்கார்ந்து, முப்பது துண்டும் ஒரே கட்டையாகிவிடும். அதைப் பார்த்தால் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

ஆபரேஷன் துணிகளை எவர்சில்வர் டிரம்மில் வைத்து ஆவியில் வேகவைப்போம். டிரம்மின் பக்கவாட்டுத் துளைகள் வழியாக ஆவி புகுந்து, துணிகளுக்கு இடையிலுள்ள காற்றைத் தள்ள வேண்டும். நர்ஸ் குஞ்சம்மாள் நாகர்கோவில்காரி. முதல் நாளே சொன்னாள்.

"சார், இறுக்கி அடுக்காதீங்க. நிறுத்தி வச்சு, நடுவுல கை போற மாதிரி விடுங்க. காத்து நின்னுட்டா கிருமி சாவாதுல்லா?"

அவள் சொன்னது சரி. அதை நான் மறுக்கவே இல்லை. பல வருஷம் அப்படித்தான் வைத்தேன். தளர்வாக வைத்த துணி சரிந்து, அலங்கோலமாக வெளியே வரும். போன பனிக்காலத்தில் ஒருநாள், நாலு துண்டு அதிகம் வைக்க வேண்டி வந்ததால், படுக்கவைத்து அழுத்தி அடுக்கினேன். ஆபரேஷன் அறையில் மூடியைத் திறந்த டாக்டர் லீலாவதி சிரித்தார்.

"அரே வாஹ், பட்டாபி. பர்ஃபி வெட்டி வெச்சாப்ல இருக்கே."

பதினோரு வருஷத்தில் அவர் என் பெயரைச் சொன்னது அன்றுதான். அதற்குப் பிறகு எல்லா டிரம்மையும் அப்படியே அடுக்கினேன்.

துணிகளின் நடுவில் ஒரு கண்ணாடிக் குழாய் வைப்பது வழக்கம். உள்ளேயிருக்கும் சிவப்புத் திரவம், சூடு போதிய நேரம் நின்றால் பச்சையாகும். என் அடுக்கில் அது மஞ்சளோடு நின்றது. மறுமுறை குழாயை மேல் துண்டுக்கு அடியில் வைத்தேன். பச்சையானது. அதைத்தான் குஞ்சம்மாளிடம் காட்டினேன்.

அந்த மாதம் மூன்று பெண்களுக்குத் தையல் போட்ட இடம் பழுத்துக் காய்ச்சல் வந்தது. மூன்றாவது ஆள் வள்ளி, கட்டட வேலைக்காரி. ஆறாம் நாள் இறந்துபோனாள். புருஷன் தர்மன் கைக்குழந்தையோடு வராந்தாவில் உட்கார்ந்திருந்தான். குழந்தைக்குப் போர்த்த நானே ஒரு வெளிர்நீல விரிப்பு கொடுத்தேன், நல்லதாகப் பார்த்து.

பிறகு நான் நாலு நாள் லீவில் போனேன். ஆயா ஆராயி என் வேலையைப் பார்த்தாள். அந்த நாலு நாளில் யாருக்கும் காய்ச்சல் இல்லை. இதை அப்போதே கவனித்தேன், மறைக்க விரும்பவில்லை.

திரும்பி வந்த காலை, ராஜாத்தி என்ற பெண்ணின் ஆபரேஷனுக்காக ஆராயி முந்தின நாளே வேகவைத்து மூடிய டிரம் தயாராக இருந்தது. அன்று விருந்தாளிகளுக்கு ஆபரேஷன் அறையைக் காட்டப்போவதாக டாக்டர் சொல்லியிருந்தார். திறந்து பார்த்தேன். துண்டுகள் ஏனோதானோவென்று நின்றன. நடுவிலிருந்த குழாய் பச்சையாக இருந்தது.

"சார், வேகவச்சதைத் தொறக்கலாமா?" என்றாள் ஆராயி.

"நீ போ, நான் பாத்துக்கறேன்."

எல்லாவற்றையும் எடுத்து இழை பார்த்து மடித்து, பலகை வைத்து அழுத்தி, மறுபடி வேகவைத்தேன். குழாயை மேலே வைத்தேன். வள்ளி எதனால் போனாள் என்று எனக்கு அப்போது தெரியும். விருந்தாளிகள் ரொம்ப மெச்சினார்கள். ராஜாத்தி எட்டு நாள்தான் உயிரோடு இருந்தாள்.

அந்த வாரம் துணியைத் தொட்டவள் ஆராயி என்று அவளை நிறுத்தினார்கள். சாட்சிக் காகிதத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். விசாரணைக்கு வந்த நீங்களும் அவளைப் பற்றித்தான் என்னிடம் கேட்டீர்கள். அவள்மேல் குற்றமில்லை. இரண்டு பேர் செத்ததும் என் கையால்தான். ராஜாத்தி விஷயத்தில் தெரிந்தே செய்தேன்.

ஆராயியைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். துணி அறை மட்டும் வேண்டாம். பாவம், அவளுக்கு ஓரம் சேர்த்து மடிக்க வராது.