மூணு வரிக் கல்

— மூணு வரிக்கு மேல முடியாதுங்கம்மா, சொல்லிப்புட்டேன். கல்லே ஒண்ணரை அடி ஒசரம். அரை அடி மண்ணுக்குள்ள போயிரும். மேல சிலுவைக்கு நாலு வெரக்கடை வுடணும். மிச்சத்துல என்னத்தைக் கதை எழுதறது?

— எழுத்தைச் சின்னதாக் கொத்துங்க மேஸ்திரி.

— கொத்தலாம். வருசாவருசம் கல்லறைத் திருநாளுக்கு உங்க ஆளுங்க சுண்ணாம்பு அடிப்பாங்க. மூணே வருசத்துல எழுத்துக்குழி மூடிக்கும். அப்புறம் மாதையன் மொட்டைக்கல்லைத் தலையில கட்டிட்டான்னு ஊரே பேசும். அங்குலத்துக்குக் கொறைஞ்சு நான் எழுத்து வெக்கறதில்ல.

— அப்ப பெரிய கல்லாக் குடுங்க.

— குடுத்தா உங்க சாமியாரு உள்ள வுடணுமே! போன வாரம் அவரே இங்க வந்து சொல்லிட்டுப் போனாரு. மதிலுக்கு வெளிய கெடந்த புள்ளைங்க குழியெல்லாம் இப்பப் புது மதிலுக்குள்ள வந்துட்டுது, எல்லாத்துக்கும் ஒரே அளவுதான்னு. மொதல்ல ஞானஸ்நானப் பேரு. அடுத்தது அப்பன் பேரு. கீழ மாசம், வருசம். முடிஞ்சுது.

— ஞானஸ்நானம் இல்லாததாலதானே அண்ணா வெளியவே பொதைச்சாங்க? பேருக்கு எங்க போறது?

— அதுக்கும் சொன்னாரு. பேரு இல்லாததுக்குக் 'குழந்தை'ன்னு போடு, நீங்களா ஒரு பேரைச் சேக்கக்கூடாதுன்னு. இருங்க, காவியில எழுதிக் காட்டறேன். குழந்தை... வியாகுலம் மகள்... பாருங்க. ரெண்டு பக்கமும் சமமா எடம் வுட்டு அம்சமா உக்காந்திருக்குது.

— சந்தையில மூட்டைக்குக் குறி போட்டாப்பல இருக்குது. அங்க எத்தினி குழி! எல்லாத்துலயும் குழந்தை, குழந்தைன்னு எழுதிட்டு வந்தா எதும்மேல நான் மெழுகுத்திரி வெக்கறது?

— வியாகுலம்னு உங்க வூட்டுக்காரர் பேரு இருக்குதே.

— அவருக்குத் தனியாக் கல்லு இருக்குது. நீங்கதான் கொத்துனீங்க. அவரை அடையாளம் காட்டறதுக்கு எனக்கு இன்னொரு கல்லு எதுக்கு?

— சரி, 'குழந்தை' வேண்டாம். அந்த எடத்துல நல்ல வரியாப் போட்டுரலாம். 'மொட்டிலே கருகிய மலர்.' அரூர்ல ஒரு பெரிய ஆபீசர் வூட்டுக்குக் கொத்தினேன். நின்னு படிச்சவங்க அத்தினி பேரும் கண்ணைத் தொடைச்சாங்க.

— மொட்டும் இல்ல, மலரும் இல்ல. பொட்டப்புள்ள. வேற சொல்லுங்க.

— 'இறைவனில் இளைப்பாறு.'

— என்ன வேலை செஞ்சு களைச்சுப் போச்சு, இளைப்பாற?

— உங்களோட பெரிய ரோதனையாப் போச்சும்மா. அப்ப நீங்களே சொல்லுங்க.

— பேருதான் வேணும். வருசத்துக்கு ஒரு பேரா நெனைச்சுப் பாத்துட்டேன். லில்லி, சகாயம், புஷ்பம். ஒண்ணும் ஒட்டல. அடுப்படியில தனியா இருக்கறப்பக் கூப்பிட்டுக்கூடப் பாத்திருக்கேன். அந்தப் பேரெல்லாம் அதுக்கே தெரியாதே! எப்படித் திரும்பிப் பாக்கும்?

— வேற புள்ளைங்க?

— அப்புறம் ஒண்ணும் தங்கல. வுடுங்க.

— சரி வுட்டுட்டேன். மாசமாச்சும் சொல்லுங்க, மூணாவது வரியை முடிச்சுக்கறேன்.

— அறுபத்தொண்ணாம் வருசம். மாசம் தெரியாது. சன்னி கண்டு நெனைவில்லாமக் கெடந்தேன். கண்ணு முழிச்சதும் வண்டி கட்டி எங்கம்மா வூட்டுக்குப் பொம்மிடிக்குக் கொண்டாந்துட்டாங்க. அப்புறம் கல்லறைக்குப் போயி வர்றதோட சரி, அந்த ஊருக்குள்ள நான் காலே வெக்கல. அதுக்குத்தான் மருத்துவச்சி கோவிந்தம்மா அக்காவுக்குச் சொல்லிவுட்டேன். பென்னாகரம் பஸ் வந்துட்டுது. அதோ, அக்காதான்.

— ஏன் புள்ள, ஞானமேரி! தலையெல்லாம் இப்படி நரைச்சுப் போச்சு? ரோட்டுல பாத்திருந்தா யாரோன்னு போயிருப்பேன்.

— வாங்கக்கா. இப்படி நெழல்ல உக்காருங்க. இவரு கல்லு கொத்தற மேஸ்திரி. என் புள்ளை பொறந்தது எந்த மாசம்னு இவருக்குச் சொல்லுங்க. அதைக் கல்லுல போடணும்.

— ஆடிப்பெருக்குக்கு மறுநாள் சாமி. ஒகேனக்கல்ல முழுக்குப் போட்டுட்டு ஈரச்சேலையோட வந்தேன். நேரா இவ வூட்டுக்கு இழுத்துக்கிட்டுப் போயிட்டாங்க.

— அப்ப ஆகஸ்டு. பாருங்கம்மா, எழுதிட்டேன். பொறந்ததும் செத்ததும் ஒரே மாசந்தானுங்களே?

— பொறக்கவே இல்லண்ணா. செத்துத்தான் வெளிய வந்துது. மூச்சே வுடலைன்னு எங்க மாமியா சொன்னாங்க.

— யாரு சொன்னது? வுட்டுதே புள்ள!

— என்னக்கா சொல்றீங்க?

— நல்லா வுட்டுது. பூனைக்குட்டியாட்டம் ஒரு சத்தம்கூடப் போட்டுது. நான் அடுப்புல தண்ணி வெச்சு, அது கொதிச்சு, ஆறி, ஒடம்பு தொடைச்சுவுடற வரைக்கும் என் மடியிலதான் கெடந்துது. வெரலைக் குடுத்தேன், புடிச்சுக்கிச்சு. உனக்குத் தெரியாதா? உன் மாமியாளுக்கு நல்லாத் தெரியுமே!

— எனக்கு யாரும் சொல்லலியே அக்கா.

— சாகக் கெடந்தவகிட்டச் சொல்ல வேண்டாம்னு நெனைச்சாளோ என்னமோ. பாவி. நான் உனக்குத் தெரியும்னுல்ல நெனைச்சுக்கிட்டு இருந்தேன்.

— அம்மா, தண்ணி குடிக்கறீங்களா? சோடா வாங்கியாரச் சொல்லட்டுங்களா?

— வேண்டாம். அக்கா, புடிச்சுக்கிச்சுன்னு சொன்னீங்களே, எந்த வெரலு?

— இந்தா, இந்த வெரலு. தொட்டுக்க... அழுவாத புள்ள. சும்மா ஒண்ணும் அனுப்பல. தலைக்குத் தண்ணி ஊத்தித்தான் அனுப்புனேன்.

— தண்ணின்னா? குளிப்பாட்டுனதையா சொல்றீங்க?

— இல்ல. உங்க கோயில்ல தலைக்கு ஊத்துவாங்களே, அந்தத் தண்ணி. நாங்க மருத்துவச்சிங்க நாலு பேரு உங்க தெருவுக்குப் பிரசவத்துக்கு வருவோமில்ல, மடத்துச் சிஸ்டரம்மா உக்காரவெச்சுச் சொல்லிக் குடுத்தாங்க. புள்ளை பொழைக்காதுன்னு தெரிஞ்சா சாமியாருக்கு ஆள் அனுப்பிக்கிட்டு நிக்காத, நீயே ஊத்து, பேரைச் சொல்லி ஊத்துன்னு. பிதா சுதன் இஸ்பிரீத்து சாந்து... இன்னமும் மறக்கல பாரு. அர்த்தந்தான் தெரியாது.

— அது செல்லுமாங்கம்மா? இவங்க உங்க வேதமே இல்லியே.

— செல்லும் மேஸ்திரி. எங்களுக்கும் உபதேசத்துல அதேதான் சொல்லிக் குடுத்தாங்க. சாகற புள்ளைக்கு யாரு ஊத்துனாலும் செல்லும். அக்கா, இதை எங்க மாமியாகிட்டச் சொன்னீங்களா?

— சொல்லாம இருப்பனா? சிரிச்சா. நீ மாரியாத்தாளுக்குக் கூழ் ஊத்தறவ, நீ ஊத்துனது எங்கெடி சேரப்போகுதுன்னா. எனக்கு ரோசம் வந்து கூலிகூட வாங்காமத் திரும்பிட்டேன். வெளியவா பொதைச்சாங்க?

— வெளியதான். வேலியோரம். கள்ளிக்குப் பக்கத்துல.

— அட சாமி! அம்புட்டும் ஒழுங்காத்தானே செஞ்சேன்.

— அம்மா, அப்பக் 'குழந்தை'யை அழிச்சுரட்டுங்களா? ஈரத்துணி வெச்சாப் போயிரும். சாமியாருகிட்ட நீங்க பேசிக்குங்க. எனக்கு அஞ்சாறு எழுத்துக்குள்ள பேரு இருந்தாப் போதும், மொத வரியில உக்காந்துரும்.

— அழிங்க. நான் பேசிக்கறேன். இவங்களையே கூட்டிக்கிட்டுப் போயிச் சொல்லவெக்கறேன். அக்கா, பேரைச் சொல்லி ஊத்துனேன்னீங்களே. என்ன பேரு சொன்னீங்க?

— அதுல ஒரு தப்பு ஆயிருந்தாலும் ஆயிருக்கும் புள்ள. கோவிச்சுக்காத.

— கோவமெல்லாம் இல்ல. சொல்லுங்க. நான் கூப்பிடணும்.

— உங்க பேருங்க எதுவும் எனக்கு வாயில நொழையாது. அவசரத்துல ஒண்ணும் நெனைப்புக்கு வரல. உன்னைத்தான் பொழுதன்னிக்கும் தட்டித் தட்டிக் கூப்பிட்டுக்கிட்டு இருந்தேன், ஞானமேரி கண்ணைத் தொற, ஞானமேரி போயிராதேன்னு. அதே வாயோட அதையும் ஞானமேரின்னுதான் கூப்பிட்டேன். அது கண்ணைத் தொறந்து பாத்துது.