ஊருக்குச் சொன்ன சேதி

தங்கவேலு: அழி. இப்பவே அழி.

வாசுகி: என்னத்தப்பா?

தங்கவேலு: தெரியாத மாதிரி கேக்காத. ஃபோன்ல போட்டிருக்கியாமே... உன் படத்துக்குக் கீழ. டீக்கடையில தனசிங் சத்தமாப் படிக்கிறான், எல்லாவனும் என் மூஞ்சியப் பாக்குறான்!

வாசுகி: முழுசாப் படிச்சாரா?

தங்கவேலு: எனக்கு வாசிக்கத் தெரியாதுன்னு பாதிய முழுங்கினாலும் முழுங்கியிருப்பான். நீயே படி.

வாசுகி: "மூணு மாசமா வாரம் ஒருதரம் மனநல கவுன்சிலர்கிட்டப் பேசுறேன். இன்னும் முழுசாச் சரியாகல. ஆனா தூங்குறேன், சாப்பிடுறேன். உங்களுக்கும் பாரமா இருந்தா யார்கிட்டயாவது பேசுங்க." அவ்வளவுதான்.

தங்கவேலு: காரணத்த ஏன் எழுதல? இப்ப எஸ்டேட் லயத்து வீடுகள்ல ஆளுக்கு ஒரு கதை கட்டுறான். காதல்ங்கிறான் ஒருத்தன். அப்பன் அடிச்சிருப்பான்ங்கிறான் இன்னொருத்தன்!

வாசுகி: அடிச்சீங்களா?

தங்கவேலு: ஏய்...!

வாசுகி: இல்லல்ல? அப்புறம் என்ன. காரணம் ஊருக்கு இல்லப்பா. கவுன்சிலர் மேடம்கிட்டயும் கேட்டுத்தான் போட்டேன். போடு, போடாதன்னு அவங்க சொல்லல. "யாரு படிக்கணும்னு நெனைக்கிற? எது உனக்குள்ளயே இருக்கணும்?" அவ்வளவுதான் கேட்டாங்க.

தங்கவேலு: கேக்குறதுக்கு எதுக்கு ஒரு மேடம்? நான் கேக்க மாட்டேனா?

வாசுகி: கேட்டீங்களே... "தின்னுட்டுப் படு, எல்லாம் போயிரும்"னு.

தங்கவேலு: ஊசி மாத்திரை ஏதும் குடுக்குறாங்களா?

வாசுகி: அவங்க தர்றதில்ல. தேவைப்பட்டா டாக்டர்கிட்ட அனுப்புவாங்க. எனக்கு இதுவரைக்கும் தேவைப்படல. மொத ரெண்டு வாரம் நான் வாயே தெறக்கல, அதுக்கும் கோவிச்சுக்கல. அப்புறம் நெஞ்சு படபடங்கும்போது மனசுல என்ன ஓடுதுன்னு கவனிக்கச் சொன்னாங்க. "ஃபேக்டரில எல்லாரும் என்னையே பாக்குறாங்க"ம்பேன். நெசமாவே பாத்தாங்களா, நானா நெனச்சேனான்னு ரெண்டு பேரும் பிரிச்சுப் பாப்போம்.

தங்கவேலு: அவ வெளிய சொல்லிட்டா?

வாசுகி: மாட்டாங்க. உயிருக்கு ஆபத்துன்னாத்தான் சொல்லுவாங்களாம். மொத நாளே சொல்லிட்டாங்க. இதப் பாத்துட்டு ஃபேக்டரி பேக்கிங்ல ஒரு புள்ள ரகசியமா மேடம் நம்பர் கேட்டுச்சு. அழிக்க மாட்டேன்ப்பா.

தங்கவேலு: அது கெடக்கட்டும்! அவளுக்குத் தெரியும், பேக்கிங்குக்குத் தெரியும், டீக்கடைக்குத் தெரியும். பெத்தவன் மட்டும் கடையில கேட்டுத் தெரிஞ்சுக்கணுமா?

வாசுகி: இதுக்குத்தான் இவ்வளவு கோவமா?

தங்கவேலு: பின்ன?

வாசுகி: சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா? பைத்தியக்கார வைத்தியம்னு ஃபோனப் புடுங்கியிருப்பீங்க. அதான் வாராவாரம் வியாழக்கிழமை சாயங்காலம் மேடம்கிட்ட ஃபோன்ல பேச தண்ணித் தொட்டி மேட்டுக்குப் போனேன். டவரும் அங்கதான் கெடைக்கும்...

தங்கவேலு: புடுங்குறவனா நான்? பொழுது சாஞ்சா அந்தத் தேயிலைக்குள்ள காட்டுமாடு எறங்கும்னு தெரியுமா உனக்கு? எவனோடயோ பேசுறன்னு நெனச்சுத்தான் மொத வாரம் பின்னாலயே வந்தேன். இருண்ட மொகத்தோட ஏறுன புள்ள, வாரத்துக்கு வாரம் கொஞ்சம் தெளிஞ்சு எறங்குச்சு. யாரோ என்னமோ நல்லது பண்றாங்கன்னு விட்டுட்டேன். எல்லா வியாழனும் கீழ்ப் பாதையில டார்ச்சோட நின்னேன் புள்ள... பேச்சு காதுல விழாத தூரத்துல. எறங்கி வந்து நீயாச் சொல்லுவன்னு.